பதினொன்றாவது வரி

அக்காவுக்குத் தெரிந்த ஒரே வேலை முடி வெட்டுவது. நாள் முழுக்க ஷாம்பு நுரையில் கை ஊறிக் கிடக்கும். போன வருடம் விரல்கள் வெடித்துப் புண்ணானபோது, தோல் டாக்டர் அவள் முதுகில் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வரிசையாகச் சோதனை ஒட்டுகளை ஒட்டினார். இரண்டு நாளில் பிரித்து, மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடம் தடித்துச் சிவந்திருந்தது. அந்தப் பொருளின் பெயரை ஓர் அட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: மெத்தில்ஐசோதயசோலினோன். இன்னொரு முறை இப்படி வந்தால் தொழிலையே விட வேண்டியிருக்கும் என்றார்.

அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் பஸ் நம்பர் பார்ப்பதுபோல அட்டையைப் பாட்டிலோடு ஒட்டிவைத்து, எழுத்து எழுத்தாகத் தேடுவாள். இருந்தால் அந்தப் பாட்டிலைத் தொடமாட்டாள்.

கடை முதலாளியம்மா புது ஷாம்பு இறக்கினார். அதில் சேர்ந்த பொருள்களின் பட்டியல் முழுக்க வேறு நாட்டு எழுத்து. இறக்குமதி அலுவலகத்தில் அந்த மொழியிலிருந்து லேபிள் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அக்கா பாட்டிலை என்னிடம் கொண்டுவந்தாள்.

உபயோகிக்கும் முறையை நம் மொழியில் மாற்றலாம், பொருள்களின் அறிவியல் பெயரை மட்டும் மாற்றாமல் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுத வேண்டும். அலுவலகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி அதுதான். முதலில் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். நாலு வரி வாசித்துக் காட்டியதுமே அக்கா சிரித்துவிட்டாள். பேய் ஓட்டுகிற மந்திரமா இது, மனுஷர் பேசுகிற மாதிரி எழுதடி என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளுக்காக அழகாக எழுதினேன். தண்ணீர். நுரை தருவது. முடியை மிருதுவாக்குவது. பதினொன்றாவது வரியில், கெடாமல் காப்பது. கதையில் வரும் காவல்காரன்போல இருக்கிறதே என்று எனக்கே அந்தச் சொல்லின்மேல் ஒரு பெருமை; அட்டையை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அக்கா அட்டையைத் தாளோடு வைத்துப் பார்த்தாள். அந்தப் பெயர் அதில் இல்லை. நிம்மதியாக மூன்று வாரம் அந்த ஷாம்பு போட்டாள்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். இரண்டு கையும் மணிக்கட்டுவரை வீங்கி நீர் வடிந்தது. டாக்டர் என் தாளை இரண்டு முறை படித்தார்.

"இதுல பெயர் எங்கம்மா இருக்கு?"

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பாட்டிலைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். பதினொன்றாவது வரி வந்தபோது பேனா நின்றது. அதையும் எழுதினேன்.

கட்டுப் போட்ட கையால் அக்கா அட்டையைத் தாள்மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதோ இருக்கு. நானே கண்டுபிடிச்சிருப்பேனே, குட்டி."

குரலில் கோபமே இல்லை. இனி கத்தரி பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோதும் அவள் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.