எட்டாவது லேன்

பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போனில் பட்டியல் வந்துவிட்டது. பெண்கள் நானூறு மீட்டர் இறுதி ஓட்டம், காலை பதினொரு மணி. சீட்டுக் குலுக்கியதில் குள்ளிக்கு இரண்டாவது லேன். எனக்கு எட்டு.

போன வருஷமும் எனக்கு எட்டுதான். போன வருஷமும் அவளுக்கு உள்பக்கம்தான். அவள் இரண்டாவது வந்தாள், நான் மூன்றாவது. நடுவில் முக்கால் மீட்டர். முதல் இரண்டு பேர்தான் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அவள் போனாள், நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்து ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. இன்னொரு வருஷம் காத்திருக்கலாம் என்று என் முழங்கால் சொல்லவில்லை.

"மறுபடியும் எட்டா? உனக்குன்னே எழுதி வச்சிருக்கு" என்றாள் குள்ளி, என் போனை எட்டிப் பார்த்து.

குள்ளி என்பது நான் வைத்த பெயர். பதிலுக்கு அவள் என்னை ஒட்டகம் என்பாள். ஒரே பயிற்சியாளரிடம் ஆறு வருஷமாக ஓடுகிறோம். அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். அதனால் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

"இந்தத் தடவை சும்மா விட மாட்டேன்" என்றேன். "துப்பாக்கி சுடுற ஸ்டார்ட்டர் எங்க நிக்கணும்னு கேக்கப் போறேன்."

"எங்க நின்னா உனக்கென்னடி? அவரக் கண்ணால பாத்துட்டா ஓட ஆரம்பிக்கிற? காதால கேட்டுட்டுத்தான ஓடுற."

"அதைத்தான் சொல்றேன். நானூறுல எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கறதில்ல. வளைவுக்காக வெளி லேன்காரங்கள முன்னால தள்ளி நிறுத்துறாங்க. நான் உனக்கு நாப்பது மீட்டருக்கு மேல முன்னால நிக்கிறேன். அந்த ஆளு முதல் லேன் பக்கத்துல, என் முதுகுக்குப் பின்னால நின்னு சுடுறாரு. சத்தம் உனக்கு முதல்ல வருது. எனக்கு அம்பது மீட்டர் நடந்து வருது."

"சத்தம் நடந்து வருதா?" அவள் சிரித்தாள். "துப்பாக்கிடி அது. உன் வீட்டுக் கதவ யாரோ மெல்லத் தட்டுற சத்தம் இல்ல. அவ்வளவு பெரிய சத்தம் சீறிக்கிட்டு வரும். மெதுவான சத்தம்தான் மெதுவா வரும்."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. "பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் ஒரே வேகம்தான். வினாடிக்கு முந்நூத்தி நாப்பது மீட்டர் மாதிரி. அம்பது மீட்டர்னா வினாடில ஏழுல ஒரு பங்கு. அந்த நேரத்துல நான் ஒரு மீட்டர் ஓடிருவேன். போன வருஷம் முக்கால் மீட்டர்ல தோத்தேன்."

அவள் முகம் மாறியது. முக்கால் மீட்டர் என்பது அவளுடைய பதக்கத்தின் அகலம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

"அப்ப நான் ஜெயிக்கல, துப்பாக்கிதான் ஜெயிச்சதுன்னு சொல்ற."

"துப்பாக்கி உன் பக்கத்துல நின்னதுன்னு சொல்றேன்."

என் பக்கம் திரும்பினாள், டீச்சர் குரலோடு. "நான் என் உடம்ப வச்சுச் சொல்றேன். பயிற்சியில கோச் கையத் தட்டினா நான் எந்திரிக்க லேட்டாகும். பலகைய ஓங்கி அடிச்சா பட்டுன்னு கிளம்பிருவேன். உனக்கும் அப்படித்தான். சத்தம் பெருசுன்னா சீக்கிரம் வருதுங்கறதுக்கு இதவிட என்ன வேணும்?"

அவள் சொன்னது உண்மை. ஓங்கி அடித்தால் எனக்கும் கால் தானாகக் கிளம்பும்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அங்கேயே கம்பியில் சாய்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு சொல்றது சரிம்மா. நான் மெதுவா விசில் ஊதினா டிரைவர் அடுத்த ஸ்டாப்புலதான் நிறுத்துவாரு. காது கிழிய ஊதினா இங்கயே பிரேக் போடுவாரு."

அவர்தான் எனக்கு வழி காட்டினார், தெரியாமலே. "அண்ணே, விசில் சத்தம் டிரைவர் காதுக்கு ரெண்டு தடவையும் ஒரே நேரத்துலதான் போகுது. காதுக்கு வந்த பிறகுதான் வித்தியாசம். மெதுவா ஊதினா அவர் யோசிக்கிறாரு. ஓங்கி ஊதினா யோசிக்காம மிதிக்கிறாரு." குள்ளியின் பக்கம் திரும்பினேன். "நீயும் அதேதான். சத்தம் சீக்கிரம் வரல. நீ சீக்கிரம் குதிக்கிற."

"வார்த்தையில விளையாடாத."

"சரி. போன வருஷம் தொடக்க விழாவுல பேண்டு வாசிச்சாங்களே. மைதானத்துக்கு அந்தக் கடைசியில அவங்க, இந்தக் கடைசியில நாம. பெரிய டிரம்மு இடி மாதிரி, புல்லாங்குழல் ஊசி மாதிரி. சத்தமான டிரம் வேகமா வந்திருந்தா, குழலுக்கு முன்னாலயே ஓடி வந்து நின்னிருக்கும். தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் கேட்டிருக்கும். அப்படியா கேட்டுச்சு? சேர்ந்துதான கேட்டுச்சு?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "அது நியாயமாத்தான் இருக்கு." குள்ளி ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. "பேண்டு வேற, துப்பாக்கி வேற" என்றாள்.

"சரி, துப்பாக்கிக்கே வர்றேன். உங்க பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ்ல டைம் எடுக்கிற பசங்களுக்கு நீ என்ன சொல்லிக் குடுப்ப?"

"துப்பாக்கிப் புகையப் பாத்ததும் ஸ்டாப்வாட்ச்ச அமுக்கணும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு."

"ஏன்?"

"ஏன்னா..." நிறுத்தினாள். "சத்தம் கேட்டா சின்னப் பசங்க கண்ண மூடிக்குவாங்க, பொத்தானக் கோட்டை விட்டுருவாங்க. அதுக்குத்தான்."

"எத்தனை வருஷமா இப்படி நெனச்சுக்கிட்டிருக்க?"

"எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். வயிறு வலிக்கச் சிரித்தேன். "நூறு மீட்டர் ஓட்டத்துல டைம் எடுக்கிறவங்க துப்பாக்கிக்கு நூறு மீட்டர் தள்ளி உக்காந்திருக்காங்கடி. சத்தம் வர மூணுல ஒரு பங்கு வினாடி ஆகும். சத்தத்துக்கு அமுக்கினா கடிகாரம் அவ்வளவு லேட்டாத் தொடங்கும், ஓடினவ அவ்வளவு வேகமா ஓடினதாக் காட்டும். அதனாலதான் புகை."

இறங்கும் இடம் வரை அவள் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை.

பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஸ்டார்ட்டரிடம் போனேன். சிவப்புக் கோட்டு, நரைத்த மீசை, கையில் பளபளவென்று புதுத் துப்பாக்கி. முதல் லேன் ஓரத்தில், போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கவலைப்படாதம்மா. போன வருஷம் நீங்க ரெண்டு மூணு பேரு முணுமுணுத்தீங்கன்னுதான் இதை வாங்கியிருக்கு. ரெட்டைச் சத்தம். எட்டாவது லேனுக்கு என்ன, வெளிய பஸ் ஸ்டாப்புக்கே உடனே கேக்கும்."

"நல்லாக் கேக்கும் சார், உடனே கேக்காது. சத்தம் ரெட்டையானா வேகம் ரெட்டையாகாது. நீங்க எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்துல நிக்கணும்னு விதியே இருக்கு."

"முப்பது வருஷமா சுடுறேன். எனக்கு விதி சொல்லித் தர வந்துட்டியா? போய் உன் லேன்ல நில்லு."

"நிக்க மாட்டேன் சார்."

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல நான் நினைக்கவில்லை. மற்ற ஓட்டக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட மறுத்தால் என்னை நீக்கிவிட்டு ஏழு பேரை ஓடவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போதுதான் குள்ளி தன் லேனை விட்டு வந்தாள். நானூறு மீட்டரில் தொடங்குவதும் முடிவதும் ஒரே இடம் என்பதால், டைம் கீப்பர்கள் நாலடி தள்ளிப் படிக்கட்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, காலைல நூறு மீட்டருக்கு எதைப் பாத்து அமுக்கினீங்க?"

"புகையப் பாத்துத்தான்."

"சத்தத்துக்கு ஏன் அமுக்கல?"

"சத்தம் லேட்டா வரும்ல."

"இது புதுத் துப்பாக்கிக்கா. ரெட்டைச் சத்தம்."

"எவ்வளவு சத்தமா இருந்தா என்ன? புகைக்கு அப்புறம்தான் வருது. நேத்து எங்களுக்கு வகுப்பெடுத்ததே சார்தான், அவரையே கேளு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டார்ட்டர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குள்ளியின் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"நீ ரெண்டாவது லேன்தான? நான் இங்க நின்னா உனக்குத்தான லாபம்?"

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன். நான் சொன்னா நீங்க நம்புவீங்க."

அவர் தடத்துக்கு உள்ளே இருந்த புல்வெளிக்குள் நடக்க ஆரம்பித்தார். வளைவுக்கு மையமான புள்ளியில் போய் நின்று, எட்டுப் பேரையும் ஒரு முறை பார்வையால் அளந்தார். அங்கிருந்து எல்லோருக்கும் சுமார் நாற்பது மீட்டர். புதுத் துப்பாக்கி வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு தள்ளி நின்று சுட்டும் எட்டுப் பேருக்கும் தெளிவாகக் கேட்டது. பெரிய சத்தம் அதற்குத்தான்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைசி நூறு மீட்டரில் என் உடம்பில் கால் இருந்ததா என்றே தெரியவில்லை. உள்பக்கம் குள்ளி கண் ஓரத்தில் தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. நான் இரண்டாவது. அவள் மூன்றாவது. நடுவில், மேடை அம்மா சொன்னபடி, ஒரு மீட்டர்கூட இல்லை.

தடத்தின் மேலேயே மல்லாந்து கிடந்தோம். அவளை ஏறெடுத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"துள்ளாதடி ஒட்டகம். அடுத்த வருஷம் அவரு எங்க நின்னு சுட்டாலும் நீ என் முதுகைத்தான் பாப்ப."

"அடுத்த வருஷம் சீட்டுல உனக்கு எட்டு வந்தா?"

"வந்தா உன்ன மாதிரியே சண்டை போடுவேன். உனக்கு ரெண்டு வந்திருக்கும். அப்ப உன் லேன விட்டு எந்திரிச்சு வருவியா?"

வருவேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் அது உடனே வரவில்லை. இரண்டாவது லேன், பக்கத்திலேயே துப்பாக்கி, ஒரு மீட்டர் சும்மா கிடைக்கும், முழங்காலுக்கு இன்னொரு வருஷம் வயசாகியிருக்கும். இவ்வளவும் மனசுக்குள் ஓடி முடிந்தது. லாபத்தை விட்டு எழுந்து வர அவளுக்கு ஒரு பஸ் பயணம் போதுமானதாக இருந்தது.

"வருவேன்" என்றேன்.

"லேட்டா வந்துச்சு" என்றாள் குள்ளி. "ஆனா கேட்டுச்சு."