பன்னிரண்டாவது பெயர்

அம்சவள்ளிக்கு இளகிய மனசு. ஊரில் எல்லோரும் அதை ஒரு பெருமையாகச் சொல்வார்கள். அவள் வீட்டுக்காரன் மட்டும் அதை ஒரு வியாதியாகச் சொல்வான். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் குழு வைத்தபோது, மறுபேச்சே இல்லாமல் அவளைத் தலைவியாக்கியதும் அந்த மனசை நம்பித்தான். வியாதியோ பெருமையோ, 2006 சித்திரையில் அது அவளை ஒரு பாடு படுத்திவிட்டது.

உப்பு வெள்ளை. அதில் வெயில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அறையும். இருபது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே வாரினால் எந்தக் கண்தான் தாங்கும்? அந்தச் சித்திரையில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. டாக்டர் ஒவ்வொரு கண்ணிலும் விளக்கு அடித்துப் பார்த்து, முப்பத்தொரு பேருக்குப் புரை என்று எழுதினார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி பஸ் வெள்ளிக்கிழமை வரும், படுக்கை பன்னிரண்டுதான். அடுத்த பஸ் மழையெல்லாம் முடிந்து தை மாசம். காத்திருக்கவே கூடாதவர்களின் சீட்டில் டாக்டர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வட்டமும் பன்னிரண்டு. பன்னிரண்டாவது வட்டம் இருசப்பனுக்கு.

இருசப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை, ஓர் அளத்துக்குக் காவல்காரன். வரப்பில் யார் நடந்தாலும் கத்துவான். பெண்களைக் கண்டால் கூடுதலாகக் கத்துவான். சாயங்காலம் கொஞ்சம் குடிப்பான், குடித்தால் இன்னும் கத்துவான். அவனுக்காக உருகுகிறவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அம்சவள்ளி பள்ளிக்கூடத்து வராண்டாவில் உட்கார்ந்து குழு சார்பில் பஸ்ஸில் போகிறவர்களின் லிஸ்டை எழுதிக்கொண்டிருந்தபோது பொன்னி வந்தாள். பத்து வருஷமாக ஒரே பாத்தியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று உப்பு வாரியவள். புருஷனை எப்போதோ இழந்து, ஒரே மகள் இலக்கியாவை வளர்த்தவள். வைகாசியில் கிளியனூர்ப் பையனோடு இலக்கியாவுக்குக் கல்யாணம். பொன்னிக்கு இடது கண் முழுக்கப் புரை, வலது கண்ணில் லேசான மூட்டம். வட்டம் இல்லை.

"அம்சா, தாலி கட்றப்ப நான் தள்ளிதான் நிக்கணும். தாலி அறுத்தவ இல்ல? தள்ளி நின்னா இந்தக் கண்ணுக்கு என்னாடி தெரியும்? வெளிச்சம் தெரியும், கும்பல் தெரியும். எம்பொண்ணு மூஞ்சி தெரியாது." சொல்லிவிட்டு அவள் அம்சவள்ளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். அம்சவள்ளியும் அழுதாள். அழுதுகொண்டே இருசப்பன் பெயரை அடித்துப் பொன்னி பெயரை எழுதினாள். கை எழுதி முடித்த பிறகுதான் மனசு ஏன் என்று கேட்டது. அதற்குள் பதிலும் தயாராக இருந்தது.

முகாமை நடத்திய அறிவழகன் அந்தப் பதிலைக் கேட்டான். முப்பத்தைந்து வயது, சமூகப்பணி படித்தவன், அடித்த கோட்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இருசப்பன ஏங்கா அடிச்சீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சா வேளாவேளைக்கு மருந்து ஊத்தணும். அவருக்கு யார் சார் இருக்காங்க?"

"அதுக்கு நம்ம ஆள் வீட்டுக்கே போவாங்க. ஏற்பாடு ஆயிடுச்சி."

"குடிக்கிறாரு. கண்ண கெடுத்துக்குவாரு."

"லிஸ்ட்ல ஏழாவது பேரு சவரிமுத்து. இவர விட அதிகமா குடிப்பாரு. அவர நீங்க அடிக்கல."

"பொன்னிக்காவுக்குக் கல்யாணம், தேதி வெச்சாச்சு."

"அவருக்கும் தேதி இருக்குதுக்கா. வட்டம்னா அதுதான். புரை முத்திக் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிட்டா, தைல ஆபரேஷன் பண்ணாலும் போன பார்வை வராது. பொன்னியம்மா கண்ணு தை வரைக்கும் தாங்கும். டாக்டரக் கேட்டுட்டேன். படுக்கையும் இன்னொன்னு கேட்டுப் பார்த்தேன், இல்ல."

அம்சவள்ளி தான் அடித்த கோட்டை இன்னொரு முறை பார்த்தாள். ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் முடிவு இம்மியும் அசையவில்லை. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது. "எனக்குச் சொல்லத் தெரியல சார். ஆனா பொன்னிக்காதான் போவணும்."

அறிவழகன் சிரித்தான், கேலியாக இல்லை. "கோவிச்சுக்காதீங்க. நீங்க முதல்ல முடிவு பண்ணிட்டீங்க, காரணம் அப்புறமா தேடுறீங்க. எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். இத ஆராய்ச்சியே பண்ணிப் பார்த்திருக்காங்க. வைத்தியத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க வரிசை. அதுல பின்னாடி நிக்கிற ஒரு பிள்ளையோட கதையச் சொல்லி, அது எப்படித் தவிக்கும்னு நினைச்சுப் பாருங்கன்னு சொன்னாங்களாம். நிறைய பேர் அந்தப் பிள்ளைய முன்னாடி தூக்கிப் போட்டுட்டாங்க. தாண்டப்பட்ட பிள்ளைங்களுக்கு இன்னும் அவசரம்னு தெரிஞ்சும் போட்டாங்க. அதுங்க மூஞ்சிய யாரும் பாக்கலையே."

"அப்போ மனசு எரங்கறது தப்பா சார்?"

"தப்புன்னு யாரு சொன்னா? விளக்கு மாதிரிக்கா. எந்தப் பக்கம் காட்டுறோமோ அங்கதான் வெளிச்சம்." அவன் எழுந்துகொண்டான். "இது உங்க குழு லிஸ்டு. நான் மாத்தச் சொல்லல. ஆனா உங்க வழக்கம் ஒண்ணு இருக்குதே, அதச் செஞ்சுட்டு வாங்க."

வழக்கம் இதுதான். சுனாமிக்குப் பிறகு பாய், போர்வை என்று வந்த நாளில் லிஸ்டிலிருந்து பெயர்கள் காணாமல் போய், யார் அடித்தது என்று தெரியாமல் தெருவே மண்டையை உடைத்துக்கொண்டது. அன்றைக்குக் குழு ஒரு முடிவெடுத்தது: ஒரு பெயரை அடிப்பவர் யாரோ, அவரே நேரில் போய், அந்த ஆள் முகத்துக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும். அதைப் போட்டதே அம்சவள்ளிதான். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டது போலாயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் அளத்துக்குப் போனாள். வரப்பில் இறங்கியதுமே வசவு வந்தது.

"யார்ரா அது? பாத்திய மிதிக்காத! பேரச் சொல்லிட்டு வரத் தெரியாது?"

அவள் பாத்தியை மிதிக்கவில்லை. அவனுக்கு நேரே, பத்தடியில், சிவப்புச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அவன் வேறு எங்கோ பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கயிற்றைக் கவனித்தாள். குடிசைக் கதவிலிருந்து மடைவரைக்கும் குச்சி நட்டு மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே வந்தான். குவளைக்குள் ஒரு விரலை விட்டு, தண்ணீர் விரலைத் தொடும்வரை ஊற்றி, அவளுக்கு நீட்டினான். திட்டியவன்தான் நீட்டினான்.

"அம்சவள்ளி வந்திருக்கேண்ணே. லிஸ்ட்ல ஒங்க பேர நான்தான் அடிச்சேன். பொன்னிக்கா பேரப் போட்டுட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், கல்யாணம், தள்ளி நிற்பது, மூஞ்சி தெரியாது என்று அழுதது, எல்லாம்.

அவன் கத்தப் போகிறான் என்று காத்திருந்தாள். கத்தினால் அவளுக்கு வசதியாகக்கூட இருந்திருக்கும்.

"பெத்தவ பாக்கணும் இல்ல?" என்றான் இருசப்பன். "போவட்டும். நான் யாரப் பாக்கப் போறேன்?" கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். "தைல பஸ்ஸு வரும்தானே?"

"வரும்ணே."

"அதுவரிக்கும் கயிறு இருக்குது."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வரப்பின் கோடியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பாவி மனசு! நேற்றுப் பொன்னிக்காகப் பொங்கிய அதே மனசு, இன்றைக்கு இருசப்பனுக்காகப் பொங்குகிறது. பொன்னியின் கதையைக் கேட்டதும் இருசப்பனே பொன்னி பக்கம் சாய்ந்துவிட்டான், தன் கண்ணைக்கூட மறந்துவிட்டான். அறிவழகன் அத்தனை நியாயம் சொன்னபோது அசையாத முடிவு, ஒரு மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் அறுந்து விழுகிறது. நாளைக்கு மூன்றாவதாக ஒருத்தி வந்து அழுதால்? யார் கடைசியாக எதிரில் நிற்கிறார்களோ அவர்களுக்கே பஸ்ஸா?

டாக்டர் போட்ட வட்டத்தை நினைத்துப் பார்த்தாள். அதற்கு யார் வீட்டுக் கல்யாணமும் தெரியாது, யாருடைய வாயும் தெரியாது. கண்ணை மட்டும் பார்த்துப் போட்டது. நேற்று அதையே அவள் கல்மனசு என்று நினைத்தாள். ஆனால் யாருக்கும் பிடிக்காத ஒருவனை அந்த முப்பத்தொரு பேரில் விட்டுவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்த வட்டம் ஒன்றுதான். அவள் மனசு அவனைப் பார்க்க ஒரு கயிறு வேண்டியிருந்தது. தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து போய் லிஸ்டைத் திருத்தினாள். வழக்கப்படி, நேராகப் பொன்னி வீட்டுக்குப் போனாள். அது அளத்துக்குப் போனதைவிட நீளமான நடை.

"அவருக்குத் தை வரைக்கும் தாங்காதுக்கா. ஒனக்குத் தாங்கும். அவ்ளோதான். வேற காரணம் எதுவும் எங்கிட்ட இல்ல."

"எம்மூஞ்சியப் பாத்து எப்படிடி சொல்ற?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்," என்று சொல்லிப் பொன்னி கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று வாரம் பேசவில்லை. பாத்தியில் பக்கத்தில் நின்று வாரினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே வாரினாள். பத்திரிகையை மட்டும் இலக்கியா கையில் கொடுத்தனுப்பினாள். அம்சவள்ளி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, போவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் போனாள்.

முகூர்த்த நேரத்தில் மண்டபம் நெருக்கியடித்தது. வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு மேடையை மறைத்தான், அவனை மாமன்மார் மறைத்தார்கள். பொன்னி எல்லோருக்கும் பின்னால், தூண் ஓரமாக நின்றாள். அம்சவள்ளி போய்ப் பக்கத்தில் நின்றாள். பொன்னி விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை. வலது கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளத்துக்குக் கை தூக்கிவிட்டார்கள்.

அப்போது மண்டபத்துக்கு நடுவிலிருந்து, அளத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கேடுகெட்ட குரல் எழுந்தது.

"யார்ரா அது வழிய மறிச்சுக்கினு! டேய் வீடியோ, நகுருடா! பெத்தவள உட்டுட்டு யாருக்குடா தாலி கட்றீங்க? பொன்னி எங்க? அவள முன்னாடி உடுங்கடா!"

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருசப்பன் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தான். தாலி அறுத்தவள் மேடைக்கு வரலாமா என்று ஒரு கிழவர் முனகினார். அவரைப் பார்த்து அவன் இன்னொரு சத்தம் போட்டான். அதை இங்கே எழுத முடியாது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தினார். மேடையிலிருந்து இலக்கியா எழுந்து நின்று, "அம்மா வரட்டும்" என்றாள். கூட்டம் தானாக விலகிற்று.

பொன்னி தூணைப் பிடித்துக்கொண்டாள். அம்சவள்ளி அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஒரு கை தூரத்தில், மகளின் முகத்துக்கு எதிரே நிறுத்தினாள். மேளம் கொட்டிற்று.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடி," என்றாள் பொன்னி. "அழுவுறா பாரு, லூசு. மை கலையுது."

பிறகு அம்சவள்ளியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் விடவில்லை.