கதவைத் திறந்தால் நிற்கும் சத்தம்

மெக்கானிக் வந்த இரண்டு முறையும் ஃப்ரிட்ஜ் பரம சாதுவாக நின்று அவள் மானத்தை வாங்கியது. இந்த முறை மூன்று நாள் கவனித்துச் செய்தி அனுப்பினாள்: “ஃப்ரீசருக்குள்ள பின்பக்கம் டரடரன்னு இடிக்கிற சத்தம். பத்து நிமிஷம் வரும், அப்புறம் ரெண்டு மணி நேரம் வராது. கதவைத் திறந்தா உடனே நிக்குது.”

“ஃபேன் ஐஸ்ல இடிக்குது. ஐஸ் எங்க கட்டுதுன்னு நாளைக்கு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க,” என்று பதில் வந்தது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, மெக்கானிக்கோடு சமையலறைக்குள் நுழைந்தாள். ஃப்ரிட்ஜ் காலியாக, கதவு திறந்து, பளபளத்தது.

“வர்றவர் என்ன நினைப்பாரு? அதான் காலையிலேயே ஆஃப் பண்ணிக் கழுவிட்டேன்,” என்றார் கணவர், கையில் ஈரத்துணியோடு.

மெக்கானிக் பையைக்கூடத் திறக்கவில்லை. “சத்தம் வந்தா மறுபடி மெசேஜ் போடுங்க மேடம்.”