ஒளிவுமறைவில்லாமல் விற்பனைக்கு வந்த ஃப்ரிட்ஜ்

பூச்சோன் நகரின் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருப்போர் பிரதிநிதி ப்யோ குவாங்சிக். அக்கம்பக்கத்தார் பழைய சாமான் விற்கும் செயலியில் அவருடைய 'நன்னடத்தை வெப்பநிலை' என்ற மதிப்பெண் அறுபத்தெட்டு டிகிரி. எல்லோரும் முப்பத்தாறரையில் தொடங்குவார்கள். வாங்கியவர்கள் மெச்ச மெச்ச ஏறும். அவர் அதை முன்னாள் ராணுவத்தார் பதக்கத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்.

மறுநாள் புது ஃப்ரிட்ஜ் வரவிருந்தது. பழையதற்கு விளம்பரம் எழுதினார்:

"வயது பதினொன்று. இரட்டைக் கதவு. நன்றாகக் குளிரும். கதவு ரப்பர் கீழ்மூலையில் கிழிசல். ஃப்ரீசர் விளக்கு எரியாது. காய்கறி டிராயருக்கு அடியில் தண்ணீர் தேங்கித் தரையில் வழியும். மூன்று வருடமாக இப்படித்தான், துணி போட்டால் போதும். குறையை மறைத்து விற்பது என் வழக்கமல்ல. ஐம்பதாயிரம் வோன்."

கடைசிக்கு முந்தைய வரியை மூன்று முறை படித்து மகிழ்ந்தார்.

பத்து நிமிடத்தில் 'வறுத்த கடலை' என்ற புனைபெயரில் ஒரு செய்தி: "நான் எடுத்துக்கறேன். இப்பவே வரலாமா?"

கதவைத் திறந்தார். நின்றது நாம் சோக்ஜா. நேர் கீழ்த்தளத்தில், முந்நூற்று மூன்றாம் எண் வீட்டில் இருப்பவள்.

அவள் சமையலறைக் கூரை மூன்று வருடமாக ஈரம். குடியிருப்போர் கூட்டத்துக்குக் கூட்டம் புகார் செய்தாள். கூட்டத்துக்குக் கூட்டம் ப்யோ எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "உங்க எலும்பு சூப் கொதிக்கிற ஆவி" என்று தீர்ப்புச் சொன்னார். ஈரத்தில் ஊறிய கூரைக் காகிதத்தை அவள் இரண்டு முறை மாற்றி ஒட்டினாள். ஒரு வருடமாகச் சூப்பைத் தங்கை வீட்டில் போய்க் காய்ச்சுகிறாள்.

"கொஞ்சம் நகர்த்துங்க பிரதிநிதி ஐயா. வாங்குறவ பாக்க வேண்டாமா?"

நகர்த்தினார். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் தரைவிரிப்பு கறுத்து, விளிம்பு சுருண்டிருந்தது. அவள் விரலால் தூக்கினாள். அடியில் சிமெண்ட் சொதசொதவென்று கிடந்தது. ப்யோவுக்கு உண்மையாகவே தெரியாது; துணியைப் பிழிந்தாரே தவிர, அந்தத் தண்ணீருக்கு ஒரு போக்கிடம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இது... இந்தத் தண்ணியா..."

"என் சூப்பு ஆவி மேல ஏறி, உங்க ஃப்ரிட்ஜுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு போல."

"அம்மா, நான் அந்த விளம்பரத்த..."

"எடுத்துடுங்க. நான் அதப் படம் புடிச்சு வச்சிருக்கேன்." அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே பின்சுவரின் அடியில் எட்டிப் பார்த்தாள். "தண்ணி எறங்குற ஓட்டை பனியால அடைச்சிருக்கு. அணைச்சுட்டுக் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல சரியாப் போயிருக்கும். அஞ்சு நிமிஷம்யா!"

ப்யோ சாய ஏதாவது தேடினார். ஃப்ரிட்ஜ்தான் இருந்தது.

"வாங்கிக்கிறீங்களா?" என்று அபத்தமாகக் கேட்டார்.

"எனக்கெதுக்கு? நீங்க கீழ வாங்க, என் கூரையப் பாருங்க. அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லுங்க, தொண்டையச் செருமிட்டு."

அவர் முதல்முறையாக அந்தக் கூரையின் கீழே போய் நின்றார். மஞ்சள் வட்டம், தாம்பாளம் அகலம். அண்ணாந்து பார்த்தபடி நிற்கையில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன ஐயா, துணி போடட்டுமா?" என்றாள் சோக்ஜா.