லேமினேட் செய்த மாதிரி

அருள்தாஸுக்கு அந்தக் கேட்டரிங் கல்லூரியில் அட்மிஷன் கிளார்க் என்று பேர். தனக்குத் தானே வைத்துக்கொண்ட உத்தியோகம் வேறு: போலி பிடிக்கிறவர்.

அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு பையன் பிளஸ் டூ ரிசல்ட் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். தாளின் உச்சியிலேயே ‘பெயிண்ட்’ என்று எழுதியிருந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைகிற அந்த பெயிண்டில் மார்க்கை மாற்றியவன், ஜன்னலை மூடக்கூடச் சோம்பல்பட்டு அப்படியே படம் எடுத்துவிட்டான். அருள்தாஸ் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். புது வெப்சைட் போலிருக்கிறது என்று நினைத்து சீல் குத்தினார். கொடைக்கானல் ஏரியில் படகு தள்ளுகிறவர்கள்வரை அந்தக் கதை போய்ச்சேர்ந்தது. “என்னங்க சார், இன்னைக்கு பெயிண்ட் அடிச்சாச்சா?” என்று கேட்பார்கள்.

அதனால் இந்த வருஷம் ஏற்பாடு பலமாக இருந்தது. ரிசல்ட் வந்த அன்றே முதலில் வந்த மதன் என்கிற பையனின் பிரிண்ட் அவ்வளவு அழகாக இருந்தது. சின்னம் பளிச், கட்டம் நேர், எழுத்து முத்து. அருள்தாஸ் அதை ஒரு காப்பி எடுத்து, லேமினேட் பண்ணி, மேசைக்குப் பின்னால் சுவரில் அடித்துவிட்டார். இனி வருகிற எந்தத் தாளும் இதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒத்துப்போனால்தான் உள்ளே. அப்புறம் நெட்டில் நம்பரைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசி நாள். நன்கொடையாளர் ஒருவர் புண்ணியத்தில் ஃபீஸ் இல்லாமல் ஒரே ஒரு சீட். அது மேனகா என்கிற பெண்ணின் பேரில் வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பதியாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெருமாள்மலைக்குக் கீழே எஸ்டேட்டிலிருந்து மேனகாவும் அவள் அம்மா அமிர்தவல்லியும் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள்.

அருள்தாஸ் தாளை வாங்கினார். சுவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் வேட்டைக்காரனின் சந்தோஷம் வந்தது.

“ஏம்மா, சின்னம் எங்க? அந்த எடத்துல காலிப் பெட்டிதான கெடக்கு?”

“அப்பிடித்தான் சார் வந்துச்சு” என்றாள் மேனகா.

“எழுத்து இம்மாம் பெருசு. கட்டம் ஒடைஞ்சு, மார்க்கு அடுத்த வரிக்கு எறங்கியிருக்கு. அங்க பாரு, அதுல எப்பிடி இருக்கு?”

மேனகா சுவரைப் பார்த்தாள். அவளுக்கே தன் தாள் மேல் சந்தேகம் வந்துவிட்டது போல உதட்டைக் கடித்தாள். அமிர்தவல்லிக்கு அப்படியெல்லாம் வரவில்லை. அந்தம்மா சின்னப் பிள்ளையில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்.

“ஐயா, புள்ள பரீட்சையை வடிவா எழுதினா. தாளு வடிவா இல்லாட்டி அது புள்ளை குத்தமா? பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீங்க!”

“அதுக்கில்லம்மா. நம்பர தட்டிப் பாத்தா சோலி முடிஞ்சிரும். லைன் இல்ல.” காலையில் ஒரு யூகலிப்டஸ் மரம் டெலிபோன் கம்பி மேல் சாய்ந்திருந்தது. மோடம் செத்த எலி மாதிரிக் கிடந்தது.

“யாரு எடுத்துக் குடுத்தா இத?”

“மணியன் அண்ணன். பெருமாள்மலை பிரவுசிங் சென்டர்.”

அருள்தாஸ் செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பாத்ரூம் ஜன்னலுக்குப் போனார். மேனகாவும் அமிர்தவல்லியும் வாசல்வரை வந்து நின்றார்கள்.

“மணியண்ணே, சின்னத்த என்ன பண்ணுனீங்க?”

“நெட்டுல படம் எதுவும் வராம நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன் சார்” என்று கத்தினார் மணியன். “எங்க லைனுக்கு அந்தச் சின்னம் எறங்கி முடிக்கிறதுக்குள்ள பழனி பஸ்ஸு போயிரும். மார்க்குதான முக்கியம்? அன்னைக்கு வெளிய நின்ன கூட்டம் ஒங்களுக்குத் தெரியாது.”

“எழுத்து?”

“எனக்குச் சாளேசுரம் சார், பக்கத்து எழுத்து தெரியாது. வியூவுல போயி டெக்ஸ்ட் சைஸ ஆகப் பெருசுல வச்சிருக்கேன். கண்ணாடி போடச் சொன்னா எம்பொண்டாட்டி சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.”

அருள்தாஸ் நம்பவில்லை. ஆனால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டெலிபோனைத் தூக்கித் தூக்கிக் காதில் வைத்தார். பிரின்சிபால் விசாலாட்சி மேடம் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். “அருள்தாஸ், முடிவு என்ன? அடுத்த ஆளுக்குச் சொல்லணும்ல?”

“இன்னும் நேரம் இருக்கு மேடம்.” அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே ஆச்சரியம். மேனகா டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். அமிர்தவல்லி மகளின் டீயையும் சேர்த்துக் குடித்தார்.

நான்கரைக்கு டெலிபோனில் ‘கொய்ய்ங்’ என்று உயிர் வந்தது. மோடம் கரகரத்து, கீச்சிட்டு, இணைந்தது. மேனகாவின் பதிவு எண்ணை அருள்தாஸ் தட்டினார். பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதே பேர். அதே மார்க். அதே கூட்டுத்தொகை.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மணியன் சொன்னபடி படங்களை நிறுத்தினார், எழுத்தை ஆகப் பெரிசாக்கினார், பக்கத்தைத் திரும்ப வரவழைத்தார். சின்னம் காலிப் பெட்டியானது. கட்டம் உடைந்து மார்க் கீழே இறங்கியது. மேனகாவின் தாள் அப்படியே திரையில் உட்கார்ந்திருந்தது.

“வடிவா இருக்கா?” என்றார் அமிர்தவல்லி.

“ரொம்ப வடிவா இருக்கும்மா” என்று சீலைக் குத்தினார் அருள்தாஸ். மேனகா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மேடத்திடம் வித்தை காட்ட ஆசை வந்தது அவருக்கு. “இப்ப பாருங்க மேடம், திரும்ப நார்மலா வச்சா நம்ம மாதிரி கணக்காவே வந்துரும்!” பழையபடி மாற்றிவிட்டு, சுவரிலிருந்த லேமினேட்டைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

வந்தது. அப்படியே வந்தது. ஆனால் திரையில் எல்லா ‘1’-க்கும் அடியில் சின்னதாக ஒரு படுக்கைக்கோடு, பாதம் மாதிரி, இருந்தது. லேமினேட்டிலும் இருந்தது, ஒன்றைத் தவிர. கணக்குப் பாடத்தின் 158-இல் அந்த 1 மட்டும் பாதமில்லாமல் ஒற்றைக் குச்சியாக நின்றது.

அருள்தாஸ் லேமினேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முந்தின நாள்வரை வந்த எல்லா நம்பரையும் அவர் தட்டிப் பார்த்திருந்தார், இதைத் தவிர. மாதிரியை எதற்குச் சரிபார்ப்பது? இப்போது தட்டினார். அந்தத் தளம் இரண்டு இலக்க மார்க்குக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போடும். கணக்கு: இருநூறுக்கு 058. பூஜ்யத்தை ஒன்றாக்கி, கூட்டுத்தொகையில் நூறைச் சேர்த்து, ஃபெயிலை பாஸாக்கியிருந்தான் பயல்.

 மேடத்தின் தோள் குலுங்கியது. பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். “பரவால்ல அருள்தாஸ். போன வருஷம் சீல்தான் குத்துனீங்க. இந்த வருஷம் லேமினேட்டே பண்ணிட்டீங்க.”

ஹாஸ்டலில் இடம் பார்க்க வந்திருந்த மதனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசை மேல் கிடந்த தாளைப் பார்த்ததுமே அவன் தலை குனிந்துவிட்டது.

“ஏலே, அட்மிஷன் கேன்சல். அது வேற சோலி” என்றார் அருள்தாஸ். “அடுத்த மாசம் உடனடித் தேர்வு இருக்கு, கட்டிரு. பாஸானா வா, வெயிட்டிங் லிஸ்ட்ல நானே பேரு எழுதுறேன். கம்ப்யூட்டர்ல இம்புட்டுப் பொறுமையா ஒக்காந்தவனுக்குக் கணக்கு வராதா?”

“சாரி சார்” என்றான். கதவருகே போனவன் திரும்பினான். “எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?”

“பாதம்டா, பாதம்!”

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அமிர்தவல்லி சுவரில் ஆணி மட்டும் நிற்பதைப் பார்த்தார். “எங்க புள்ள தாள மாட்டுறீங்களா, ஐயா?”

“வேண்டாம்மா” என்று அருள்தாஸ் அவசரமாகச் சொல்லி, தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார்.