முதல் இரண்டு வரி

தான் வேலை பார்க்கும் நொறுக்குத்தீனி கம்பெனியின் கிளை உரிமை அறிவிப்பைப் பதிவேற்றிய பத்தாவது நிமிடம் அவள் அதைத் தன் போனில் திறந்து பார்த்தாள். எழுதியதெல்லாம் நியாயம்தான். முதலீடு எட்டு முதல் பன்னிரண்டு லட்சம். கடை முன்பணமும் வாடகையும் தனி. பத்து நாள் பயிற்சி, இயந்திரம், வாராவாரம் சரக்கு உண்டு. லாபத்துக்கு உறுதி இல்லை. ஆனால் போனில் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் படிக்க 'மேலும்' என்பதைத் தொட வேண்டும். முன்பணம் அதற்குள் ஒளிந்திருந்தது.

முதல் அழைப்பே அக்கா புருஷனுடையது.

"ஏம்மா மச்சினி, நானும் முதலாளி ஆகப்போறேன்! கையில எட்டு லட்சம் இருக்கு. ராஜினாமா லெட்டரோட மேனேஜர் ரூம் வாசல்ல நிக்கிறேன்."

"மாமா, உள்ள போயிடாதீங்க! 'மேலும்'னு இருக்குல்ல, அதத் தொட்டுப் படிங்க."

எதிர்முனையில் ஒரு கதவு திறக்கும் சத்தம். 

"முன்பணம் தனியா?" குரல் இறங்கிவிட்டது. "உங்கக்கா என்னைக் கொன்னிருப்பா. லெட்டரைப் பாக்கெட்ல வச்சிட்டேன்."

அவள் முன்பணம் பற்றிய வரியை முதலாவதாக ஏற்றினாள்.

"அத மேல போட்டா எவன் வருவான்?" என்றார், பின்னால் வந்து திரையைப் பார்த்த கம்பெனி முதலாளி.

"தெரிஞ்சுக்கிட்டு வரவங்க வருவாங்க சார்."

அவள் மாற்றுவதற்குள் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். எத்தனை பேர் 'மேலும்' தொட்டார்கள் என்று திரை காட்டவில்லை. போன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.