பூச்சியம் தசம் ஆறு இரண்டு

நிவேதிகாவுக்கு வயிறெரிந்தது. இதற்கு நாகரிகமான சொல் ஒன்று தேடிப் பிடிக்கலாம்தான். ஆனால் எரிந்தது வயிறுதான்.

எரியாமல் என்ன செய்யும்? துறைமுகத்து உள்குடாவில் சிதறிக் கிடக்கும் பதினொரு தீவுகளிலும் இரண்டு வருடம் ஏறி இறங்கியவள் அவள். கடற்படைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி அனுமதி எடுத்தவள் அவள். படகோட்டி தம்பையாவின் வள்ளத்தில் நனைந்து, முள்ளுக்குள் புகுந்து, எந்தத் தீவில் எத்தனை வகைச் செடி என்று ஒன்றுவிடாமல் எண்ணியவள் அவள். றிஷானா என்ன செய்தாள்? கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, ஏசி அறையில் கணினிக்கு முன் இருந்து, அத்தனை வேர்வையையும் ஒரேயொரு கோடாகப் போட்டாள். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். வளாகம் முழுக்க இப்போது அந்தக் கோட்டைப் பற்றித்தான் கதை.

இருவரும் தற்காலிக உதவி விரிவுரையாளர்கள். நிவேதிகா ஒரு வருடம் மூத்தவள், அதனால் றிஷானா அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் எரிச்சல்தான். நோர்வேயில் கலாநிதிப் பட்டம் படிக்க ஓரிடம் வந்திருந்தது. துறைத் தலைவர் அபூதாஹிர் சேர் ஒருவருக்குத்தான் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். வியாழக்கிழமைக் கருத்தரங்கு முடிந்ததும் யாரென்று சொல்வதாக இருந்தார்.

தீவு பெரிதானால் அதிலுள்ள இனங்களும் கூடும் என்பது பழைய விதி. ஆனால் பரப்பு இரட்டித்தால் இனங்கள் இரட்டிப்பதில்லை. பரப்பின் ஓர் அடுக்காக மெல்ல மெல்லத்தான் கூடும். பரப்புக்கும் இன எண்ணிக்கைக்கும் மடக்கை எடுத்துப் புள்ளி குறித்தால் அந்த வளைகோடு நேர்கோடாகிவிடும். நேர்கோட்டின் சாய்வுதான் அந்த அடுக்கு. உலகத்துத் தீவுகளில் பெரும்பாலும் அது 0.2 இற்கும் 0.4 இற்கும் இடையில் நிற்கும். றிஷானாவுக்கு வந்தது 0.62.

"எங்கட தீவுகள் விசேசமானதுகள்!" என்று சேர் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். அன்றிரவு நிவேதிகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தன் களக் குறிப்பேட்டை விரித்தாள். செடிகளை எண்ணிய கைக்கு எண்கள் மறக்குமா? 0.4 ஹெக்டேயர்த் தீவில் பதினான்கு இனம். 4 ஹெக்டேயர்த் தீவில் இருபத்தாறு. பரப்பு பத்து மடங்கு, இனமோ இரண்டு மடங்குகூட இல்லை. சாய்வு 0.62 என்றால் நான்கு மடங்குக்கு மேல் வரவேண்டும். பதினான்கு ஐம்பத்தெட்டாக வேண்டும். மற்றச் சோடிகளையும் பார்த்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. பிறகு பதினொரு தீவுகளுக்கும் கல்குலேற்றரில், பரப்புக்கும் இனத்துக்கும் ஒரே வகை மடக்கை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். 0.27. அதை 2.303 ஆல் பெருக்கினால் 0.62.

பிடித்துவிட்டாள். ஓர் அச்சுக்குப் பத்தை அடியாகக் கொண்ட பத்தடி மடக்கை, மற்றதற்கு அதன் 2.303 மடங்காக வரும் இயற்கை மடக்கை. அளவுகோல் மாறினாலும் கோடு புள்ளிகளுக்கு நடுவே அழகாகத்தான் போகும், பொருத்தம் ஒரு துளியும் குறையாது. அதனால்தான் வரைபடத்தில் யாருக்கும் தெரியவில்லை. சாய்வை அடுக்கென்று வாசிக்கும்போதுதான் பிழை. 'யானைக்கும் அடி சறுக்கும், றிஷானாக் குட்டி' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே திகதி போட்டு எழுதி வைத்தாள். ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. சபையில் வைத்துக் கேட்டால்தானே ருசி.

செவ்வாய்க்கிழமை றிஷானா ஒரு தாளோடு வந்தாள்.

"அக்கா, மாநாட்டுக்கு அனுப்புற ஆய்வுச் சுருக்கம். இண்டைக்குத்தான் கடைசி நாள். ஒருக்கா வாசிச்சுப் பாத்து ஒப்பம் வைங்களேன்."

நிவேதிகாவின் கண் 0.62 ஐ மட்டும் தேடியது. இருந்தது. போதும்.

"நீங்கள் எழுதினா வாசிக்கவே வேணும்? சரியாத்தான் இருக்கும்," என்று தேனொழுகச் சொல்லி, மேலே ஒரு வரியும் பாராமல் ஒப்பம் வைத்தாள்.

வியாழக்கிழமை வந்தது. றிஷானா பேசி முடித்ததும் கேள்வி உண்டா என்று சேர் கேட்டார். நிவேதிகா எழும்பினாள்.

"றிஷானா, 0.4 ஹெக்டேயரில பதினாலு இனம். அதின்ர பத்து மடங்குத் தீவில நான் எண்ணினது இருபத்தாறு. உங்கட சாய்வின்படி ஐம்பத்தெட்டு வரோணும். மிச்ச முப்பத்திரண்டும் எங்க? கடலுக்கையோ?"

பின்வரிசை சிரித்தது. றிஷானாவின் முகம் வெளிறிப் போனது. அவள் அழுவாள் என்று நிவேதிகா காத்திருந்தாள். அவளோ அழாமல் தரவுக் கோப்பைத் திரையிலேயே திறந்தாள். இன எண்ணிக்கை நிரலைப் பார்த்தாள். பிறகு பரப்பு நிரலைச் சொடுக்கினாள்.

பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. பத்தடி மடக்கை. நிரலின் தலையில் சின்னக் குறிப்பு: 'பரப்பு, மடக்கை எடுத்தது: நிவேதிகா.'

ஏப்ரலில் றிஷானாவிடம் கோப்பைக் கொடுக்கும்போது, உதவியாக இருக்கட்டுமே என்று நிவேதிகாவே மடக்கையும் எடுத்துக் கொடுத்திருந்தாள். எந்த மடக்கை என்று எழுத மறந்தாள்; பிறகு எடுத்துக் கொடுத்ததையே மறந்துபோனாள். அவளுக்குக் காது சுட்டது.

"நான் இனங்களுக்கு இயற்கை மடக்கை எடுத்திட்டன்," என்றாள் றிஷானா. அந்தக் குறிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "பரப்பு நிரல் எந்த மடக்கையெண்டு நான் பாத்திருக்கோணும். என்ர பிழை. 2.303 ஆல பிரிச்சா 0.27. அப்ப பரப்பு இரட்டிச்சா இனம் ஐஞ்சில ஒரு பங்குதான் கூடும். எங்கட தீவுகள் விசேசமில்ல, மத்தத் தீவுகள் மாதிரித்தான். நன்றி அக்கா."

அந்த நன்றியில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கருத்தரங்கு கலைந்ததும் சேர் நிவேதிகாவைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்கள். எப்ப கண்டனீங்கள்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். குறிப்பேடு கையில் விரிந்தே இருந்தது. திகதியும் பெரிதாக இருந்தது.

"திங்கக்கிழமை, சேர்."

"சுருக்கத்தில ஒப்பம் வச்சது செவ்வாய்."

"ஓம், சேர்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து சுருக்கத்தின் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நிவேதிகா முதல் முறையாக அதன் தலைப்பகுதியைப் பார்த்தாள். ஆசிரியர்கள்: அ. நிவேதிகா, மு. றிஷானா.

"எண்ணினது அக்கா, முதல் பேர் அவங்கடதுதான் எண்டு றிஷானா ஒரே பிடியா நிண்டவ," என்றார் சேர். "அதைப் பாத்துத்தான் நோர்வேக் கடிதத்தை உங்கட பேருக்கு எழுதி வச்சனான். பிழையெண்டு தெரிஞ்சும் ஒப்பம் வச்ச ஆளுக்கு நான் அதை என்னெண்டு குடுக்கிறது?"

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"மாநாட்டுக்குத் திருத்தம் அனுப்போணும். முதல் ஆசிரியர்தான் அனுப்போணும்," என்றார் சேர்.

அறைக்குத் திரும்பினாள். றிஷானா அவளுக்கும் ஒரு பிளேன்டீ எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணியா பஸ்ஸுக்குப் போயிருந்தாள். நிவேதிகா கணினிக்கு முன் இருந்து, 0.62 என்பதை அழித்து 0.27 என்று எழுதினாள். 'பிழை என்னுடையது' என்று கீழே சேர்த்து, தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.